அக்டோபர் மழைக்கு மே மாதமே கடை திறக்க வேண்டும்

பள்ளி திறப்பும் பருவமழையும் இணைய வியாபாரிகளின் இரண்டு பெரிய சீசன்கள். தேடல் வரைபடம் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் பலர் அதில் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சென்னை பாரிமுனையில் நடக்க இடமில்லை. கட்டுக் கட்டாக நோட்டுகள், சுருட்டி வைத்த பழுப்பு அட்டைகள், கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் புத்தகப் பைகள். பைக்குள் கைவிட்டு ஜிப்பை இழுத்துப் பார்க்கும் அம்மாக்கள், பொம்மைப் படம் போட்ட டிபன் பாக்ஸைக் கீழே வைக்க மறுக்கும் குழந்தைகள். கூட்டத்துக்கு வர விரும்பாத இன்னொரு கூட்டம் அதே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் `school bag` என்று தட்டுகிறது. திரையில் முதலில் வரும் பத்துப் பதினைந்து பைகளில் ஒன்றைத்தான் அவர்களில் பெரும்பாலோர் வாங்குவார்கள். அன்று காலையில் ஒருவர் புதிதாகப் பட்டியலிட்ட பை, தரத்திலும் விலையிலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பல பக்கங்கள் தள்ளிக் கிடக்கும். தேடல் உச்சத்தில் இருக்கும் வாரம்தான் புதிய பொருளை இறக்க மிக மோசமான வாரம்.

கடந்த ஆண்டுகளின் தேடல் போக்கைப் பார்த்து லிஸ்டிங் போடும் நாளை முடிவு செய்வது இப்போது சிறு வியாபாரிகளிடமும் பரவியிருக்கிறது. கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். எந்தச் சொல்லை எந்த மாநிலத்தில் எந்த வாரம் அதிகம் தேடினார்கள் என்பதை அது காட்டுகிறது. அதைப் பார்ப்பவர்களின் கண் நேராகச் சிகரத்துக்குப் போகிறது. பார்க்க வேண்டிய இடம் அடிவாரம். தேடல் எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது, அந்த வாரத்தில் நம் பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டும், அதற்கு எத்தனை வாரம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் வரைபடம் உதவும். அந்தக் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டு மழைக்காலப் பொருள்களுக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு மாதத்தில் போய் நிற்கிறது.

### உச்சத்தில் இறக்கினால் ஏன் தோற்கிறது?

புதிய லிஸ்டிங்குக்கு விற்பனை வரலாறு கிடையாது, ரிவ்யூ கிடையாது. இணையச் சந்தைகளின் தேடல் முடிவுகளில் ஒரு பொருள் மேலே வருவதற்கு அதை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள், சொடுக்கியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பவையெல்லாம் காரணமாகின்றன. உச்ச வாரத்தில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ரிவ்யூ உள்ள பைகளோடு இது மோத வேண்டும். விளம்பரம் கொடுத்து மேலே வரலாம் என்றால், அதே வாரத்தில் எல்லோரும் அதே சொல்லுக்கு ஏலம் கேட்பதால் ஒரு சொடுக்குக்கான விலையும் உச்சத்தில் இருக்கும். பணம் கொடுத்து ஆளைக் கொண்டுவந்தாலும், ரிவ்யூ இல்லாத பையைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்துப் பைக்குப் போய்விடுவார்.

அப்படியானால் நான்கைந்து மாதம் முன்னாலேயே போட்டுவிடலாமா என்றால், அதுவும் சரிவராது. யாரும் தேடாத மாதத்தில் லிஸ்டிங் உயிரோடு இருந்தாலும் விற்காது. கிடங்கில் சரக்குக்கு வாடகை ஏறும். பார்ப்பவர்கள் வாங்காமல் போகும் பக்கம் என்ற கெட்ட வரலாறும் சேரும். ஆகவே சரியான காலம் என்பது ஒரு குறுகிய சன்னல். தேடல் மெல்ல ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், போட்டி இன்னும் முழுதாகத் திரண்டிருக்கக் கூடாது. அந்தச் சில வாரங்களில் கிடைக்கும் முதல் விற்பனைகளும் முதல் ரிவ்யூக்களும்தான் உச்ச வாரத்தில் நம்மை முதல் பக்கத்தில் வைக்கும்.

> வரைபடத்தைப் படிக்கும் முறை
>
> • கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் அந்தச் சொல்லின் பங்கு எப்போது மிக அதிகமோ அது 100. மற்றவை அதற்கு ஒப்பானவை. எத்தனை பை தைப்பது என்பதை இதிலிருந்து கணக்கிட முடியாது.
>
> • கடந்த 5 ஆண்டுகள் என்று கேட்டால் வார வாரியாகத் தரும். 2004 முதல் என்று கேட்டால் மாத வாரியாகத்தான் தரும். சீசனுக்கு வாரக் கணக்கு வேண்டும்.
>
> • இது மாதிரித் தரவு. சிறிய சொல்லுக்கும் சிறிய பகுதிக்கும் எண்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். வெவ்வேறு நாள்களில் சில முறை இறக்கிச் சராசரி எடுப்பது நல்லது.
>
> • மிகக் குறைவான தேடல் 0 என்று தெரியும். 0 என்றால் யாருமே தேடவில்லை என்று பொருளல்ல.

### அகில இந்திய வளைவு சொல்லும் பொய்

வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது இந்தியா முழுமைக்குமான வளைவு. தமிழ்நாட்டு வியாபாரி அதை நம்பினால் இரண்டு சீசனும் கைநழுவும். பள்ளியை எடுத்துக்கொள்வோம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. இந்தியா என்ற ஒரே வளைவில் இவையெல்லாம் கலந்து, எந்த ஊருக்கும் பொருந்தாத ஒரு சராசரி மேடாகத் தெரியும். மழை இன்னும் மோசம். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் தென்மேற்குப் பருவமழை. அது வழக்கமாக ஜூன் 1 அன்று கேரளத்தையும் ஜூன் 11 அன்று மும்பையையும் ஜூன் 27 அன்று டெல்லியையும் தொடும். நம் கடலோர மாவட்டங்களுக்கோ பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. அகில இந்திய வளைவு இறங்கி முடித்த பிறகு சென்னையின் சீசன் தொடங்குகிறது.

ஆகவே முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது சொல். `raincoat for kids` போன்ற நீண்ட சொற்றொடரைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் கேட்டால் பல வாரங்கள் 0 என்று வந்து வளைவே உருவாகாது. எனவே காலத்தை அறிய `raincoat` போன்ற பொதுச் சொல்லையும், எந்த வகைப் பொருளைச் செய்வது என்று அறிய நீண்ட சொல்லையும் பயன்படுத்துவது பொருத்தம். `umbrella` என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் குடை சித்திரை வெயிலுக்கும் வாங்கப்படுகிறது. அதே பெயரில் 2007இல் வந்த ரிஹானாவின் பாடலைத் தேடுபவர்களும் அந்த எண்ணில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு சொல்லின் வளைவு மழையோடு ஏறுகிறதா என்பதை, வானிலை மையம் அறிவித்த மழைத் தேதிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஆண்டுகளையும் சலிக்க வேண்டும். 2020இலும் 2021இலும் தொற்றுக் காலத்தில் பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்தன. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 9 முதல் 12 வரையான வகுப்புகளும், நவம்பரில் மற்ற வகுப்புகளும் திறந்தன. அந்த ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், பள்ளி சீசன் ஆண்டின் பிற்பாதியிலும் உண்டு என்ற தவறான முடிவு வரும். அவற்றை விட்டுவிட வேண்டும். புயலையும் அப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது போன்ற நிகழ்வு வரைபடத்தில் ஒரு கூரிய ஊசியாக எழும். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அது திரும்ப வர வேண்டிய கட்டாயம் இல்லை. பல ஆண்டுகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு வாரத்துக்கு மேல் நிலைக்கும் ஏற்றம்தான் சீசன்.

> தேதிகள் பேசுகின்றன
>
> தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு
> 2022: ஜூன் 13 (1 முதல் 10 வகுப்புகள்)
> 2023: ஜூன் 12 (6 முதல் 12), ஜூன் 14 (1 முதல் 5), வெயிலால் இரண்டு முறை தள்ளிவைத்த பிறகு
> 2024: ஜூன் 10, முதலில் அறிவித்தது ஜூன் 6
> 2025: ஜூன் 2
>
> கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடக்கம்
> 2022: மே 29 | 2023: ஜூன் 8 | 2024: மே 30 | 2025: மே 24
>
> வடகிழக்குப் பருவமழை தொடக்கம்
> 2022: அக்டோபர் 29 | 2023: அக்டோபர் 21 | 2024: அக்டோபர் 15 | 2025: அக்டோபர் 16

### பள்ளி தள்ளிப்போகும், மழை முந்தியும் வரும்

பள்ளி திறப்புக்குத் தேதி உண்டு, மழைக்குத் தேதி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே உள்ள தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. பள்ளி திறப்பு நான்கு ஆண்டுகளில் 12 நாள் வரம்புக்குள் நகர்ந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம் 14 நாள் வரம்புக்குள் நகர்ந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்டம்தான். வேறுபாடு ஆட்டத்தின் திசையில் இருக்கிறது. பள்ளித் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. 2023இலும் 2024இலும் அறிவித்த தேதி மாறியபோது பின்னால்தான் போனது, காரணம் வெயில். மழையோ 2025இல் கேரளத்துக்கு மே 24 அன்றே வந்துவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு முன்னதாக வந்ததில்லை.

இந்த வேறுபாடு வியாபாரியின் பணத்தை நேரடியாகத் தொடுகிறது. பள்ளித் திறப்பு தள்ளிப்போனால் சீசன் நீள்கிறது, கையில் சரக்கு உள்ளவர் கூடுதலாக ஒரு வாரம் விற்கிறார். ஆனால் திறந்த பிறகு தேவை சுவரில் மோதியது போல நிற்கிறது, ஏனென்றால் ஒரு குழந்தைக்கு ஒரு ஆண்டுக்கு ஒரு பை போதும். எனவே பள்ளிப் பொருளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது முடிவுத் தேதியில்: திறப்புக்குப் பிறகு கிடங்கில் போய்ச் சேரும்படி கூடுதல் சரக்கு அனுப்பக் கூடாது. மழைப் பொருளில் நிலைமை தலைகீழ். மழை முந்தினால் முதல் அலை நம் லிஸ்டிங் வருவதற்கு முன்பே போய்விடும். பிந்தினால் சரக்கு இரண்டு வாரம் கிடங்கில் காத்திருக்கும், அவ்வளவுதான். நாம் முந்துவதன் செலவு கொஞ்சம் வாடகை, நாம் பிந்துவதன் செலவு ஒரு சீசன். ஆகவே மழைக்குப் பல ஆண்டுகளின் சராசரி வாரத்தை எடுக்கக் கூடாது, இருப்பதிலேயே முந்திய வாரத்தை எடுக்க வேண்டும்.

பள்ளிப் பொருளில் எதை விற்பது என்பதிலும் ஒரு எல்லை உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூல், நோட்டு, பை போன்றவற்றை அரசே தருகிறது. தனியார் பள்ளிகள் பலவும் நோட்டையும் சீருடையையும் தாங்களே விற்கின்றன. இணையத்தில் உண்மையான தேவை பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் போன்றவற்றில் குவிகிறது. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024இல் வந்தது. டிபன் பாக்ஸ் செய்ய நினைப்பவர் சான்றிதழுக்கான காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏப்ரலில் எண்ணம் தோன்றி ஜூனில் விற்க முடியாது.

### ஒரு மழைக்கோட்டின் நாட்காட்டி

சென்னைப் புறநகரில் குழந்தைகளுக்கான மழைக்கோட்டு தைத்து விற்க நினைக்கும் ஒரு சிறு வியாபாரியைக் கற்பனை செய்துகொள்வோம். புத்தகப் பையையும் சேர்த்து மூடும் வகை. இனி வரும் வாரக் கணக்கு முறையை விளக்குவதற்காகப் போட்டது, ஒவ்வொருவரும் தம் சொந்த எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் தமிழ்நாட்டுக்கான ஐந்தாண்டுத் தரவை இறக்கி, வழக்கமான ஆண்டுகளை மட்டும் எடுக்கிறார். ஒவ்வோர் ஆண்டின் மழைக்காலத்திலும் மிக உயர்ந்த எண்ணைக் குறிக்கிறார். அதில் பாதியைத் தொட்டு, இரண்டு வாரமாவது கீழே இறங்காத முதல் வாரத்தைத் தேடுகிறார். அவற்றுள் மிக முந்தியது அக்டோபர் 8 என்று வைத்துக்கொள்வோம். முதல் விற்பனைக்கும் ரிவ்யூவுக்கும் நான்கு வாரம் கழித்தால் செப்டம்பர் 10 அன்று லிஸ்டிங் உயிரோடு இருக்க வேண்டும். கிடங்கு சரக்கை வாங்கி அடுக்க இரண்டு வாரம், ஆகவே ஆகஸ்ட் 27 அன்று லாரி கிளம்ப வேண்டும். துணி வாங்கி, ஜாப் ஒர்க் கொடுத்துத் தைத்து, பேக் செய்ய ஐந்து வாரம். ஜூலை 23 அன்று ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். இதில் நாள்களைக் குறைக்கவும் முடியாது. பெரிய இணையச் சந்தைகளின் பண்டிகை விற்பனை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ தொடங்குகிறது, 2025இல் செப்டம்பர் 23 அன்றே தொடங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் கிடங்குகளில் சரக்கு இறக்கும் முறைக்கு வரிசை நீளும். தீபாவளிக்குள் கூரியரும் திணறும். தவறவிட்டவரின் சரக்கு மழை தொடங்கிய பிறகுதான் கிடங்குக்குள் நுழையும்.

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் ரிவ்யூக்களுக்காக ஒதுக்கிய அந்த நான்கு வாரம், செப்டம்பர் 10 முதல் அக்டோபர் 8 வரை, தமிழ்நாட்டில் அதிகம் பேர் மழைக்கோட்டு தேடாத காலம். அடிவாரம் சரிவாக ஏறாமல் தட்டையாகக் கிடந்து, ஒரே மழையில் செங்குத்தாக எழுகிறது. லிஸ்டிங் விற்பனையும் ரிவ்யூவும் இல்லாமலே உச்சத்தைச் சந்திக்கும். உள்ளூர் வரைபடத்துக்குள் மட்டுமே நின்று பார்த்தால் இந்தச் சிக்கலுக்கு விடையே இல்லை.

விடை கேரளத்தில் இருக்கிறது. கேரளத்தில் பள்ளி திறப்பும் பருவமழையும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வருகின்றன. பையோடு நனையாமல் போக வேண்டிய குழந்தை அங்கே ஜூன் முதல் வாரத்திலேயே இருக்கிறது. அந்த வாரத்திலிருந்து அதே நான்கு வாரத்தைக் கழித்தால், மே முதல் வாரத்தில் லிஸ்டிங் உயிரோடு இருக்க வேண்டும். சிறிய தொகுப்பு போதும், இந்தச் சுற்றில் லாபம் நோக்கமல்ல. இதிலிருந்து கிடைக்கும் முதல் செல்வம் ரிவ்யூ. இரண்டாவது, அளவு பற்றிய உண்மை: ஐந்து வயதுக் கோட்டு அதிகம் போகிறதா, ஒன்பது வயதுக் கோட்டா, எந்த அளவு சின்னதாக இருக்கிறதென்று ரிட்டர்ன் வருகிறது என்பது. ஜூலை 23 அன்று பெரிய ஆர்டர் கொடுக்கும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கும். ஜூனில் மீந்த சரக்கு தேங்கிய சரக்கும் அல்ல, அக்டோபரில் சென்னையில் போகும். மற்ற மாநிலத்து வியாபாரி ஆகஸ்டில் விலையை வெட்டி ஒழித்துக்கட்டும் பொருளுக்குத் தமிழ்நாட்டில் இரண்டாவது மழை காத்திருக்கிறது. இந்த நாட்டில் இரண்டு மழைக்கு இடையில் உட்கார்ந்திருப்பவர் நாம். அந்த வசதியை நாம்தான் குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

### எதிர்க் கேள்விகள்

எல்லோரும் இதே வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தெரிந்துகொள்வதில் போட்டி இல்லை, தயாராக இருப்பதில்தான் இருக்கிறது. ஜூன் மழை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், மே முதல் வாரத்தில் சரக்கைக் கிடங்கில் வைத்திருப்பவர் சிலரே. மாநில வாரியாகவும் வார வாரியாகவும் பிரித்துப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுபவர் இன்னும் குறைவு.

கூகுளில் தேடுபவர் வேறு, இணையச் சந்தையில் வாங்குபவர் வேறு என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கூகுளில் பலர் விவரம் தேடுகிறார்கள், வாங்கும் எண்ணத்தோடு வருபவர் நேராகச் சந்தைச் செயலியிலேயே தட்டுகிறார். ஆகவே இந்த வரைபடம் காலத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. எத்தனை உருப்படி தைப்பது என்பதற்கு விற்பனைக் கணக்குப் பக்கத்தில் சந்தையே தரும் தேடல் அறிக்கையையும், ஜூன் சுற்றில் கிடைத்த சொந்த விற்பனையையும்தான் நம்ப வேண்டும். வரைபடத்தில் எண் 50இலிருந்து 100 ஆனது என்று சரக்கை இரட்டிப்பாக்கியவர் தவறு செய்தவர்.

மழையே பொய்த்தால் என்ன செய்வது? கடந்த காலம் எதிர்காலத்துக்கு உறுதி தராது, உண்மைதான். அதனால்தான் சரக்கை ஒரே தவணையில் அனுப்பக் கூடாது. ஒரு பாதி முந்திய தேதிக்குக் கிடங்கில் இருக்கட்டும். மறுபாதியைத் தைத்துக் கையில் வைத்து, வானிலை மையம் பருவமழைத் தொடக்கத்தை அறிவிக்கும்போது அனுப்பலாம். அந்த இரண்டாவது தவணை தமிழ்நாட்டுக்குள் உள்ள கிடங்குக்குப் போக வேண்டும். பெருமழையில் சாலை முடங்கினால் வெளிமாநிலச் சரக்கு வந்து சேராது, நனைந்துகொண்டு நிற்கும் பெற்றோருக்கு ஐந்து நாள் கழித்து வரும் கோட்டு வேண்டாம். நடுச் சீசனில் சரக்கு தீர்ந்தால் லிஸ்டிங் தேடலிலிருந்து மறைந்துவிடும், அதுவரை சேர்த்த இடமும் போய்விடும் என்பதால் அந்த மறுபாதி தாமதமாகவும் கூடாது.

### விளைவு யார் மேல் விழுகிறது?

தவறான வாரத்தில் இறக்குவதன் நட்டத்தை வியாபாரி மட்டும் சுமப்பதில்லை. அக்டோபர் முதல் மழையைப் பார்த்துவிட்டுப் பதறி ஆர்டர் கொடுத்தால், தையல் கூடங்களில் இரவு பகலாக வேலை நடக்கும், அவசரத்தில் மடிப்புத் தையலுக்கு மேல் ஒட்ட வேண்டிய நீர்புகா நாடா சரியாக ஒட்டாது, தண்ணீர் உள்ளே வரும், ஒரு நட்சத்திர ரிவ்யூ விழும். அடுத்த மாதம் ஆர்டரே இருக்காது, அதே தையல்காரர்கள் வேலையின்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பொருளை மே மாத விற்பனைக்கான சிறு தொகுப்பு, ஜூலையில் ஆர்டர் கொடுக்கும் பெரிய தொகுப்பு என்று பிரித்தால் அந்த வேலை பல மாதங்களில் பரவும். தேடல் வரைபடத்தின் நல்ல பயன் அதிகம் விற்பதில் மட்டும் இல்லை, வேலையையும் கடனையும் ஒரே மாதத்தில் குவிக்காமல் இருப்பதிலும் இருக்கிறது.

இதற்கெல்லாம் முதல் ஆண்டில்தான் கூகுள் வேண்டும். சீசன் முடிந்ததும் ஒரே தாளில் சில தேதிகளை எழுதிவைப்பவருக்கு அடுத்த ஆண்டு அது அவ்வளவு தேவைப்படாது: லிஸ்டிங் உயிர் பெற்ற நாள், முதல் ரிவ்யூ வந்த நாள், ஆர்டர் திடீரென்று ஏறிய நாள், அன்று எந்த ஊரில் மழை, சரக்கு தீர்ந்த நாள், எந்த அளவு மீந்தது. ஊர் முழுக்கத் தேடியதைப் பொது வரைபடம் காட்டுகிறது. தன் பொருளை யார், எப்போது, எந்த மழைக்கு வாங்கினார்கள் என்பது அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும். அதை இந்த டிசம்பரில் எழுதி வைப்பவர், வரும் மே முதல் வாரத்துக்கு யாருடைய ஊகத்தையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.